அனுப்பினவர் தெரிஞ்சவர்தான், பைல் எங்கிருந்து வந்தது?

போன் பாதுகாப்பு பற்றி யார் பேச வந்தாலும் முதல்ல சொல்றது ஒரே வசனம்தான்: "தெரியாதவங்க அனுப்புறதைத் திறக்காதீங்க." வங்கிச் சுவரில் இதைத்தான் ஒட்டியிருக்காங்க, பாடசாலையிலும் இதைத்தான் சொல்றாங்க. பிழையான அறிவுரை இல்ல. ஆனா எங்க தோட்டங்களுக்கு இது பத்தாது என்பது என் கருத்து.

ஏன்னா எங்களுக்குத் தெரியாதவங்க யாரும் எதையும் அனுப்புறதில்ல. பக்கத்து லயத்து அண்ணன் அனுப்புறார். கொழும்பில் வேலை செய்ற மச்சான் அனுப்புறார். கோயில் திருவிழா குரூப்பில், மரண அறிவித்தல் குரூப்பில், மாதர் சங்க குரூப்பில் வருது. தெரணியகலையில் இருந்தாலும் சரி, இறக்குவானையில் இருந்தாலும் சரி, ஒரு தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற நூறு பேரில் தொண்ணூறு பேரை முகம் பார்த்தே தெரியும். அந்த அறிவுரைப்படி பார்த்தா நாங்க எல்லாரும் பத்திரம். ஆனா பைல் வழியா வர்ற மோசடி இன்றைக்கு நடக்கிறதே தெரிஞ்சவங்க பெயரில்தான்.

அதனால கேள்வியை மாத்தணும். "அனுப்பினது யார்?" என்று கேட்டுப் பிரயோசனம் இல்ல. "இது என்ன பைல், இதை முதல்ல செஞ்சது யார்?" என்று கேட்கணும். எங்களுக்கு ரொம்பப் பழக்கமான ஒரு விஷயத்தை வைத்தே பார்ப்போம்: கலியாணக் காட்.

கலியாணக் காட் வந்த கதை

2024 நவம்பரில் இந்தியாவின் இமாச்சலப் பிரதேச பொலிஸின் சைபர் பிரிவு ஒரு எச்சரிக்கை விட்டது. வட்ஸ்அப்பில் கலியாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஒரு பைல் வருது, அது அழைப்பிதழ் இல்ல, ஒரு செயலி, அதைத் திறந்து போட்டா போனில் உள்ள தகவல் எல்லாம் திருட்டுப் போகுது என்பதுதான் விஷயம். அங்கே அது கலியாண சீசன். ஒரு நாளைக்கு நாலு காட் வர்ற நேரம். யாருக்கும் சந்தேகம் வராது.

அதே வருஷம் ஜூலையில் கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் இதே மாதிரி இன்னொன்றை வெளியில் கொண்டு வந்தது. வாகனத்துக்கு அபராதம் இருக்கு, விபரம் பார்க்க இந்த செயலியைப் போடுங்க என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. போட்டவங்க 4,400 போன்களுக்கு மேல. பின்னால இருந்தது வியட்நாமில் இயங்கிய ஒரு கூட்டம் என்று அந்த அறிக்கை சொன்னது.

இரண்டிலும் வந்த பைல் ஒரே வகை. பெயரின் முடிவில் `.apk` என்று இருக்கும். இதை மட்டும் வடிவாப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. படம் என்றால் `.jpg`, காட் என்றால் பெரும்பாலும் `.pdf`, பாட்டு என்றால் `.mp3`, வீடியோ என்றால் `.mp4`. இவை எல்லாம் பார்க்கிற, கேட்கிற பைல்கள். `.apk` மட்டும் அப்படி இல்ல. அது அண்ட்ராய்ட் போனில் ஒரு செயலியைக் குடியேற்றுகிற பைல். காட்டைத் திறந்தா காட் தெரியணும். "Install" என்று ஒரு பொத்தான் வந்தா அது காட் இல்ல. உலகத்தில் எந்த அழைப்பிதழும், எந்த மரண அறிவித்தலும், எந்த அஸ்வெசும பெயர்ப் பட்டியலும் போனில் குடியேற வேண்டிய அவசியம் இல்ல.

வட்ஸ்அப்பில் பைல் வரும்போது பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அளவும் வகையும் இருக்கும். அங்கே `APK` என்று இருக்கா என்று பாருங்க. மேலே பெயர் "Wedding Invitation" என்று இருக்கலாம், பிள்ளையார் படமே போட்டிருக்கலாம். கீழே உள்ள அந்த மூன்று எழுத்துத்தான் உண்மை.

போன் நாலு தரம் கேட்கும்

இப்போ அந்தப் பைலை ஒருத்தர் தொடுறார் என்று வைப்போம். உடனே போன் கெட்டுப் போறதில்ல. அண்ட்ராய்ட் ஒவ்வொரு கட்டத்திலயும் நிறுத்திக் கேட்கும். எங்க பிரச்சினை, அது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேட்கும், நாங்க வாசிக்காம ஓகே அழுத்துவோம்.

முதலாவது, இந்த இடத்தில் இருந்து தெரியாத செயலிகளைப் போட போனுக்கு அனுமதி இல்ல என்று ஒரு பெட்டி வரும். அதில் "Settings" என்பதைத் தொட்டா "Allow from this source" என்று ஒரு சுவிட்ச் காட்டும். இதுதான் வீட்டு வாசல். இதைத் திறக்காம எந்த `.apk` பைலும் உள்ளே வர ஏலாது.

இரண்டாவது, "Install" பொத்தான். மூன்றாவது, கூகுள் பிளே புரொடெக்ட் சில நேரம் குறுக்கே வந்து இது ஆபத்தானது என்று தடுக்கும், அல்லது இந்தச் செயலியைச் சோதிக்க அனுப்பவா என்று கேட்கும். மோசடிக்காரங்க இதையும் எதிர்பார்த்து, "எச்சரிக்கை வந்தா பயப்பட வேண்டாம், Install anyway கொடுங்க" என்று செய்தியிலேயே எழுதி அனுப்புவாங்க. அப்படி ஒரு வரி எழுதியிருந்தா அதுவே போதுமான சாட்சி. நேர்மையான எந்தச் செயலியும் காவலை நிறுத்திவிட்டு வா என்று கேட்காது.

நாலாவதுதான் முக்கியமானது. செயலி திறந்ததும், உங்க SMS செய்திகளைப் பார்க்கவும் அனுப்பவும் அனுமதி கொடுக்கவா என்று கேட்கும். கலியாணக் காட்டுக்கு எதுக்கு SMS? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா அங்கேயே நின்றிருக்கும். அனுமதி கொடுத்த பிறகு பல நேரம் அந்த செயலியின் படம் திரையில் இருந்து மறைந்துவிடும். "ஒன்னும் வரல, பைல் பழுது போல" என்று நினைத்து நாங்க மறந்துருவோம். அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஏன் SMS?

வங்கிக் கணக்கில் இருந்து பணம் அனுப்பும்போது ஒரு இரகசிய எண் வரும் தானே, அது பெரும்பாலும் SMS ஆகத்தான் வருது. திருடனிடம் உங்க கார்ட் விபரமோ வங்கி பாஸ்வேர்டோ வேறு வழியில் கிடைத்திருந்தாலும், அந்த எண் இல்லாம பணம் நகராது. உங்க SMS-ஐ வாசிக்கிற செயலி உள்ளே இருந்தா, அந்த எண் உங்களுக்கு வரும் அதே நொடியில் அவனுக்கும் போகுது.

கணக்கில் பணம் இல்ல, நமக்கு என்ன என்று சிலர் சொல்வாங்க. வட்ஸ்அப்பை யோசிச்சுப் பாருங்க. புது போனில் வட்ஸ்அப் திறக்கும்போதும் ஆறு இலக்க எண் ஒன்று SMS ஆக வரும். திருடன் தன் போனில் உங்க நம்பரை அடிச்சு, அந்த எண்ணை உங்க SMS-இல் இருந்தே எடுத்துக்கிட்டா, உங்க வட்ஸ்அப் அவன் கைக்குப் போயிரும். அதுக்குப் பிறகு உங்க பெயரில், உங்க படத்தோட, உங்க குரூப் எல்லாத்துக்கும் அதே காட் போகும். மாமா அனுப்பினார் என்று நம்பித்தான் மருமகன் திறப்பான். தெரிஞ்சவரிடம் இருந்து வந்தது என்பது பாதுகாப்புக்கு அடையாளமே இல்ல என்று நான் சொல்றது இதனால்தான். எங்க நெருக்கம்தான் அவங்களுக்கு ரோட்டு.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு பூட்டு இருக்கு. வட்ஸ்அப்பில் Settings, பிறகு Account, பிறகு "Two-step verification" போய் ஆறு இலக்க பின் ஒன்று வைத்துக்கொள்ளுங்க. SMS-இல் வந்த எண் திருடனுக்குக் கிடைத்தாலும் இந்தப் பின் இல்லாம உங்க கணக்குக்குள் அவன் போக ஏலாது. இரண்டு நிமிஷ வேலை, காசு செலவில்ல.

ரீலோட் எங்கே போகுது?

கலியாணக் காட்டை விட எங்க பக்கம் அதிகமா இருக்கிறது வேறொன்று: பாட்டு, படம் இறக்குற செயலிகள். தோட்டத்தில் சிக்னல் சரியில்ல, டேட்டா விலை. டவுனுக்குப் போற ஒருத்தர் வைஃபையில் இறக்கிக்கிட்டு வந்து மற்றவங்களுக்கு ஷெயார் செய்றது நியாயமான ஏற்பாடு. அதைக் குறை சொல்ல நான் வரல. ஆனா பாட்டை மட்டும் ஷெயார் செய்யாம, பாட்டு இறக்குற செயலியையே கை மாத்திக் கொடுக்கிறோமே, அங்கேதான் பிரச்சினை.

விட்மேட், ஸ்னாப்டியூப் இரண்டும் எங்க வயசில் யாருக்கும் புதுசில்ல. இரண்டும் பிளே ஸ்டோரில் கிடைக்காது. கைக்குக் கைதான் வரும். 2019-இல் அப்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் விட்மேட்டை ஆராய்ந்து சொன்னது இது: திரைக்குப் பின்னால, பாவிக்கிறவருக்குத் தெரியாம, அது விளம்பரங்களைத் தானே கிளிக் பண்ணி, காசு பிடிக்கிற சேவைகளில் ஆளைச் சேர்க்க முயற்சி செய்யுது. 15 நாடுகளில் 48 இலட்சம் போன்களில் இருந்து 12 கோடியே 80 இலட்சம் சந்தேகமான பரிவர்த்தனைகளைத் தாங்கள் தடுத்ததாக அவங்க சொன்னாங்க. அதே வருஷம் பிற்பகுதியில் ஸ்னாப்டியூப் மேலயும் இதே குற்றச்சாட்டை வைத்தாங்க. இரண்டு நிறுவனங்களும் நாங்க வேணும்னு செய்யல என்ற மாதிரித்தான் பதில் சொன்னாங்க. அது எப்படி இருந்தாலும் நட்டம் பாவிச்சவங்களுக்குத்தான்.

இதை எங்க மொழியில் சொன்னா: நூறு ரூபாய்க்கு ரீலோட் போடுறீங்க, ஒரு கோல் கூட எடுக்கல, காலையில் பார்த்தா எழுபதுதான் இருக்கு. "கம்பனிக்காரன் வெட்டிட்டான்" என்று திட்டுவோம். சில நேரம் அது சரியாவும் இருக்கலாம். ஆனா போனில் பிளே ஸ்டோருக்கு வெளியே வந்த செயலி ஒன்று இருந்தா, முதல்ல அதைச் சந்தேகப்படணும். எப்படித் தெரிஞ்சுக்கிறது? Settings-இல் டேட்டா பாவனையைத் திறந்து, நீங்க பாவிக்காத நேரத்தில் எந்த செயலி அதிகம் டேட்டா குடிச்சிருக்கு என்று பாருங்க. திரைக்குப் பின்னால விளம்பரம் கிளிக் பண்ற செயலி அங்கே மாட்டும். பற்றரி சீக்கிரம் இறங்குறதும் சும்மா இருக்கும்போதே போன் சூடாகுறதும் அதோட சேர்ந்த அடையாளம்.

ஒரு கதவைத் திறந்தா அடுத்ததும் அதால வரும். 2022 ஒக்டோபரில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் யோவட்ஸ்அப் என்ற மாற்று வட்ஸ்அப்பில், பாவிக்கிறவரின் வட்ஸ்அப் கணக்குச் சாவிகளைத் திருடுற நிரல் இருந்ததைக் கண்டுபிடிச்சது. அது பரவினது எப்படி? ஸ்னாப்டியூப்பில் வந்த விளம்பரம் வழியா. அதே நிரல் வட்ஸ்அப் பிளஸ் என்ற பெயரில் விட்மேட்டுக்கு உள்ளே இருந்த கடையிலயும் கிடைச்சது. அதுக்கு முந்தின வருஷம் எஃப்எம் வட்ஸ்அப்பிலயும் இதே மாதிரி ஒன்று இருந்ததை அவங்கதான் சொன்னாங்க. ஜிபி வட்ஸ்அப் பாவிக்கிற தம்பிமார் "எனக்கு ஒன்னும் ஆகல" என்று சொல்வாங்க. ஒன்று ஆகியிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். டிலீட் பண்ணின மெசேஜைப் பார்க்கிற ஆசைக்கு முழு வட்ஸ்அப்பையும் முகம் தெரியாத ஒருத்தன் கையில் கொடுக்கிறது நல்ல வியாபாரமா?

ஆகவே என் விதி சின்னது. பாட்டைக் கொடுங்க, படத்தைக் கொடுங்க, போட்டோவைக் கொடுங்க. செயலியைக் கொடுக்காதீங்க, வாங்காதீங்க. செயலி வேணும்னா பெயரைச் சொல்லுங்க, அவங்க பிளே ஸ்டோரில் தேடி எடுக்கட்டும்.

பிளே ஸ்டோரிலயும் கண்ணை மூடாதீங்க

பிளே ஸ்டோரில் இருந்தா எல்லாமே நல்லது என்றும் இல்ல. 2017 நவம்பரில் "Update WhatsApp Messenger" என்று ஒரு செயலி அங்கேயே இருந்தது. படம் அதே பச்சை. செய்தவர் பெயர் "WhatsApp Inc." என்றே இருந்தது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி எழுத்தைச் சேர்த்திருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். கம்பியூட்டருக்கு அது வேறு பெயர், எங்க கண்ணுக்கு ஒரே பெயர். பத்து இலட்சம் பேருக்கு மேல இறக்கின பிறகுதான் தூக்கினாங்க.

பெயரும் படமும் ஒன்றாக இருந்தா எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது? எண்ணிக்கையை வைத்து. அந்த நேரம் உண்மையான வட்ஸ்அப் நூறு கோடி தரத்துக்கு மேல இறக்கப்பட்டிருந்தது. போலி பத்து இலட்சத்தில் நின்றது. படத்தையும் பெயரையும் களவெடுக்கலாம், நூறு கோடி இறக்கத்தை உடனே களவெடுக்க ஏலாது. ஒரு பெரிய வங்கியின் செயலி என்று சொல்லி அதில் "500+" என்று மட்டும் இருந்தா யோசிங்க. அடுத்தது, கீழே போய் ஒரு நட்சத்திரம் கொடுத்தவங்க எழுதினதை வாசிங்க. ஐந்து நட்சத்திரப் புகழை காசு கொடுத்து எழுதலாம், காசு இழந்தவன் எழுதுறதை வேறு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டான். மூன்றாவது, வங்கிச் செயலியை ஸ்டோரில் தேடி எடுக்காம, அந்த வங்கியின் சொந்த இணையப் பக்கத்தில் உள்ள இணைப்பால் போங்க.

இருந்தாலும் ஸ்டோருக்கு உள்ளேயும் வெளியேயும் ஆபத்து ஒரே அளவில் இல்ல. 2024 பெப்ரவரியில் சிங்கப்பூரில் கூகுள் ஒரு புதிய தடுப்பைத் தொடங்கினது. SMS, அறிவித்தல்கள், "Accessibility" அனுமதி இவற்றைக் கேட்டு பணமோசடி செய்ற முக்கிய செயலிகளில் 95 வீதத்துக்கு மேல, ஸ்டோருக்கு வெளியே இணையத்தில் இருந்தோ மெசேஜில் இருந்தோ வந்து ஏறினவை என்று அப்போ அவங்க சொன்னாங்க.

இந்த வாரம் செய்யக்கூடியது

எங்க வீடுகளில் ஒரு விசேஷம் இருக்கு. ஒரே போன்தான் அம்மாவின் வங்கி மெசேஜுக்கும், தம்பியின் கேமுக்கும், அக்காவின் ஸூம் வகுப்புக்கும். பிள்ளை போட்ட ஓசி கேம் அம்மாவின் SMS-க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கு. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல மருந்து பழைய பட்டன் போன். வங்கியில் பதிந்த நம்பரின் சிம்மைப் பட்டன் போனில் போட்டு வைங்க. அதில் `.apk` ஏறாது. மெசேஜ் வாசிக்கத் தெரிஞ்சா போதும்.

அது ஏலாதுன்னா வாசலைப் பூட்டுங்க. Settings-இல் Apps, பிறகு "Special app access", பிறகு "Install unknown apps". சில போன்களில் இது Security பகுதிக்குள் இருக்கும். மேலே உள்ள தேடல் பெட்டியில் "unknown" என்று அடித்தா வந்துரும். அண்ட்ராய்ட் 8-க்குப் பிறகு இது ஒரே சுவிட்ச் இல்ல, ஒவ்வொரு செயலிக்கும் தனித் தனி. வட்ஸ்அப், குரோம், பைல்ஸ், பைல் ஷெயார் பண்ற செயலிகள் என்று பட்டியல் இருக்கும். "Allowed" என்று இருக்கிற எல்லாத்தையும் நிறுத்துங்க. போனின் மொழியைத் தமிழுக்கு மாத்தினா அனுமதி கேட்கிற பெட்டிகளும் தமிழில் வரும். அந்தத் தமிழ் கொஞ்சம் புத்தகத் தமிழ்தான், ஆனாலும் வாசிக்காம அழுத்துறதை விட மேல்.

ஏற்கனவே யாராவது போட்டுட்டாங்களா? முதல்ல டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்துங்க. வேறொரு போனில் இருந்து வங்கிக்கு கோல் எடுத்து கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்க. நம்பர் கார்டின் பின்பக்கம் இருக்கு, பேஸ்புக்கில் தேடாதீங்க. பிறகு Settings-இல் Apps பட்டியலைப் பாருங்க. திரையில் மறைந்த செயலியும் அங்கே இருக்கும். "Uninstall" வேலை செய்யலன்னா, "Device admin apps" என்ற இடத்தில் அதுக்கு இருக்கிற அதிகாரத்தை முதல்ல எடுங்க. போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு போனை முழுசா ரீசெட் பண்றது இன்னும் நல்லது. செயலியை அழிச்சாலும் ஏற்கனவே போன மெசேஜ் திரும்பி வராது, அதனால பாஸ்வேர்டுகளை மாத்துங்க. குரூப்பில் உடனே சொல்லுங்க: என் பெயரில் பைல் வந்தா திறக்காதீங்க என்று. ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்துக்கு 101 நம்பரில் அறிவிக்கலாம்.

குரூப்பில் சொல்ல வெட்கப்படுறவங்கதான் அதிகம். "இது கூடத் தெரியாதா" என்று கேட்கிற நாங்கதான் அந்த வெட்கத்துக்குக் காரணம். உண்மையில், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போற அக்காவோ பால்வெட்டப் போற மாமாவோ தாங்களா ஒரு செயலியைப் போட்டது குறைவு. "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடு" என்று போனை எங்க கையில்தான் தருவாங்க. "Allow from this source" என்ற சுவிட்சைத் திறந்தது அநேகமா நாங்கதான். திறந்து, பாட்டு செயலியைப் போட்டு, சுவிட்சை மூடாம திருப்பிக் கொடுத்திருப்போம். அந்த வாசல் இன்றைக்கும் திறந்தே இருக்கும். அடுத்த தடவை யாராவது போனை நீட்டினா, கேட்ட வேலையைச் செய்ய முதல் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்க.